அன்றைக்கே சொல்ல வேண்டியது

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் தலை தனியாகத் தெரியும் என்பதால் அவளுக்குப் பெயர் நெட்டை. அவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவள் சுண்டெலி. ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ்.

பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் சேர்ந்து வந்த பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளியின் மனநல ஆலோசகர் தோழமைக் குழு ஒன்றைத் தொடங்கினார். நெட்டை உட்பட எட்டு மாணவர்களுக்கு நான்கு சனிக்கிழமை பயிற்சி. மாதிரித் தேர்வுக்கு முன் எல்லோரையும் மைதானத்தில் பத்து நிமிடம் நடக்கவைத்து, மூச்சை மெதுவாக விடச் சொல்லித்தர வேண்டும். மதிய இடைவேளையில் நூலகத்து மூலையில் முறைவைத்து உட்கார வேண்டும். யார் வந்து பேசினாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மார்க் கேட்கக் கூடாது. அறிவுரை கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் மட்டும் அன்றைக்கே ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நெட்டையின் முறையின்போது, சுண்டெலி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ இப்ப கேக்கற ஆளா, என் ஃப்ரெண்டா?"

"ஃப்ரெண்டுதான்டி. ஏன்?"

சுண்டெலி மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் இல்லாம போயிட்டா வீட்டுல நிம்மதியா இருப்பாங்க. ரெண்டு வாரமா இதேதான் ஓடுது."

 பயிற்சியில் படித்ததெல்லாம் மறந்துபோய் நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போகணும்னு நெனக்கிறியா?"

சுண்டெலி ஆமென்று தலையாட்டினாள்.

"இத நான் கவுன்சிலர் மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நீயும் வா, கூடவே இருக்கேன்."

"ஃப்ரெண்டுன்னு நம்பி சொன்னேன்." கையை உருவிக்கொண்டாள். "நீ சொன்னீன்னா இனிமே என் மூஞ்சில முழிக்காத."

நெட்டை அவளைத் தனியே விடவில்லை. நூலகரிடம் சொல்லி அங்கேயே ஆலோசகரை வரவழைத்தாள். சுண்டெலியின் அப்பா வந்து அழைத்துப் போகும்வரை ஆலோசகர் அவள் பக்கத்திலேயே இருந்தார். மாலைக்குள் மருத்துவரைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஆலோசகர் நெட்டையையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீ எப்படிம்மா இருக்க?" அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

ஒரு மாதம் கழித்து சுண்டெலி பள்ளிக்குத் திரும்பினாள். நுழைவுத்தேர்வு இந்த வருடம் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வகுப்பில் முன்வரிசைக்கு மாறிக்கொண்டாள். வராந்தாவில் நெட்டையைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் போனாள். நெட்டை எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமலே நெட்டையின் பையிலேயே திரும்ப வந்து கிடந்தன.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பள்ளி வாசலில் சுண்டெலியின் அம்மா நெட்டையின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இப்ப நல்லா தூங்கறாம்மா. மருந்து ஒழுங்கா சாப்பிடறா. உன் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து உள்ள போயிடறா."

"பரவாயில்ல ஆன்ட்டி. சிரிக்கிறாளா?"

"நேத்து டிவி பாத்து சிரிச்சா."

நெட்டை தலையசைத்தாள். அம்மா சாலையைக் கடந்து அங்கே நின்றிருந்த பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரத்தில் சுண்டெலி வேறொருத்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்வரை நெட்டை வாசலிலேயே நின்றாள். சுண்டெலி ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.