ஆண்டு விழா உரையின் மூன்றாம் பக்கம்

வெற்றிக் கேடயம் என் காதோரம் பறந்து போய் அலமாரிக் கண்ணாடியில் விழுந்தது. எறிந்தவர் பேச்சித்தாய். சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர்; எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாசானமுத்துவின் அம்மா. அடிபட வேண்டியவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதல்வர் ஞானசிகாமணி. குறி தப்பிவிட்டது. எனக்கு அதில் சற்று வருத்தம்தான்.

"இன்னொரு தடவ படிங்க சார்," என்றார் பேச்சித்தாய். அடுத்த கேடயம் கையில் இருந்தது.

முதல்வர் படித்தார். அது ஆண்டு விழாவில் அவர் வாசிக்கப்போகும் உரையின் வரைவு. "இவ்வாண்டு நிகழ்ந்த ஒரு சிறு அசம்பாவிதத்தின் காரணமாக மாணவர் ஒருவருக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு நிர்வாகம் தனது வருத்தத்தைப் பதிவு செய்கிறது."

"யாருக்கு என்ன ஆச்சுன்னு இதுல எங்க இருக்கு? பஸ்ஸு லேட்டா வந்ததுக்குச் சொல்லுத மாதிரில்லா இருக்கு! எம்புள்ளய அத்தன பேரு பாக்க அறஞ்சீகள்ல? அத்தன பேரு கேக்கச் சொல்லணும். விழா வரைக்கும் பொறுப்பேன். சொல்லலன்னா நேரா போலீசு ஸ்டேஷனுதான்."

கேடயத்தை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். மேசைக் கண்ணாடியும் விரிசல் விட்டது.

நடந்தது இதுதான். பள்ளியைத் தொடங்கிய வைரமணி ஐயாவின் நினைவு நாளில் மைதானத்தில் மௌன அஞ்சலி. அந்த அமைதியில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். முதல்வர் வரிசைக்குள் பாய்ந்து மாசானத்தின் இடது கன்னத்தில் விட்டார் ஒரு அறை. பையன் சுருண்டு விழுந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. சவ்வு கிழிந்துவிட்டது, மதுரையில் ஆபரேஷன் செய்தாலும் முழுசாகக் கேட்குமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சிரித்தவன் அவனுக்குப் பின்னால் நின்றவன் என்று மறுநாளே தெரிந்தது. ஆனாலும், செத்தவருக்கு மரியாதை தராத பயல் என்று ஊர் முழுக்க அவனுக்குப் பெயர். ரோட்டில் போனால் பொடிப்பயல்கள்கூட அவனைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறான். பொதுத்தேர்வு வருகிறது.

"மங்கை மிஸ், இத நீங்கதான் சரி பண்ணணும்," என்றார் முதல்வர். நான் தமிழாசிரியை மங்கையர்க்கரசி. வருடா வருடம் இந்த உரையைச் சீர்ப்படுத்துவது என் தலையெழுத்து. "கௌரவமாவும் இருக்கணும், மனசுலேர்ந்து வந்த மாதிரியும் இருக்கணும்."

"மனசுலேர்ந்து வந்தா, வந்த மாதிரியே இருக்கும் சார்."

"நக்கல் வேண்டாம்."

"நக்கலா? அன்னிக்கு அவன் சட்டைக் காலர்ல ரத்தம் ஒழுகுனத நான் பாத்தேன். எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. எந்திரிங்க, ஹாலுக்குப் போவோம்."

மேடைப் பேச்சைக் கண்ணால் திருத்தக்கூடாது, காதால் திருத்த வேண்டும். காலியான அரங்கில் அவரை மைக் முன் நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாக்கு இடறும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். மூச்சு வாங்கினால் அங்கே வாக்கியத்தை முடித்தேன். தேர்ச்சி விகிதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தால் எழுதினேன். அவையோரை விளிக்கும் தொடக்கத்தில் சிறப்பு விருந்தினரான கல்வி அலுவலரை முதலிலும் தாளாளரை அடுத்தும் வைத்தேன். இதெல்லாம் சுலபம். அந்த வருத்தப் பத்தி வந்ததும் மனிதர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவராகிவிட்டார்.

"திரும்பவும் சொல்லுங்க சார். ஓடாதீங்க."

மூன்றாவது முறை அவர் மேடை மேசையை ஓங்கிக் குத்தினார். தண்ணீர் டம்ளர் உடைந்து அவர் கை கிழிந்தது. "முப்பது வருஷமா அடிச்சிருக்கேன்! கலெக்டர் ஆனவன் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கான்! ஒரு கருவாட்டுக்காரி முன்னாடி நான் மண்டியிடணுமா?"

"அந்தக் கருவாட்டுக்காரி பெத்தவனத்தானே செவிடாக்குனீங்க? கத்தாதீங்க. எனக்கு ரெண்டு காதும் நல்லாவே கேக்குது!"

கையை ஓங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். சத்தியமாக அடித்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தாரோ, தன் கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைப் பார்த்தாரோ, முன்வரிசையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"உரைய விடுங்க சார்," என்றேன், நாற்காலியை இறக்கி. "அன்னிக்கு என்ன பண்ணீங்க? என்கிட்ட சொல்லுங்க."

கிழிந்த கையைக் கைக்குட்டையால் சுற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அறஞ்சேன். சிரிச்சது அவன் இல்லன்னு மறுநாள் தெரிஞ்சது. அவன் வீட்டுத் தெருமுக்கு வரைக்கும் போனேன் மிஸ். போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அப்படியே எழுதிக்கொண்டேன். முன்னால் அவைக்கு உரிய ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான் என் வேலை:

"இந்த அவையின் முன் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். / நிறுவனர் நினைவு நாளில், / மாணவன் மாசானமுத்துவை நான் அறைந்தேன். / சிரித்தவன் அவனில்லை. / அது தெரிந்த பிறகும் / அவன் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். / அவன் இடது காது கேட்கவில்லை. / மாசானம், என்னை மன்னித்துவிடு."

சாய்கோடுகள் அவர் மூச்சுவிட வேண்டிய இடங்கள். முதல் தடவை "நான் அறைந்தேன்" என்பதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். அன்றைக்கும் மறுநாளும் சொல்லச் சொல்ல நாக்கு பழகியது. கடைசியில் தாளைப் பார்க்காமலே சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

பேச்சித்தாய் வந்து ஒத்திகையைக் கேட்டார். கேடயம் எதையும் தொடவில்லை. "இது மனுசன் பேச்சு," என்றார். "கூட்டியாரேன் அவன."

அந்தப் பத்தியைத் தேர்ச்சிப் பட்டியலுக்கு முன்னால் வைத்தேன். பின்னால் வைத்தால் முதலிடம் பிடித்தவர்களுக்கான கைதட்டலில் அமுங்கிவிடும். பாதியில் தாளைத் திருப்ப நேரக்கூடாதென்று தனிப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் அடித்தேன். தாள் திருப்பும் சத்தம் மைக்கில் கேட்கும் என்பதால் மேடை உரைத் தாள்களை நாங்கள் ஸ்டேப்ளர் பின் அடித்துச் சேர்ப்பதில்லை. உதிரியாகக் கோப்பில் வைப்போம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நான் செய்த அத்தனையும் அந்தப் பக்கத்தை உருவிவிட வசதியாகப் போய்விட்டது.

உருவியவர் தாளாளர் தனுஷ்கோடி, வைரமணி ஐயாவின் மகன். விழா அன்று சாயங்காலம், பூங்கொத்துகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் என் கையிலிருந்த கோப்பை வாங்கிப் புரட்டினார்.

"யாருடி ஒனக்கு இந்தத் தைரியம் குடுத்தது?" மூன்றாம் பக்கத்தை உருவிக் கசக்கினார். "எங்கப்பா அஞ்சலியில நடந்தத, அதிகாரி முன்னாடி, மைக்குல! ஸ்கூல இழுத்து மூடவா?"

"டி போடாதீங்க. பேப்பரக் குடுங்க."

பிடுங்கப் போனேன். என் முழங்கையை முறுக்கிச் சுவரில் தள்ளினார். நெற்றி இரும்புத் தூணில் மோதி, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவருடைய டிரைவர் என்னை ஒப்பனை அறைக்குள் தள்ளிக் கதவை வெளியே பூட்டினான். தேவதை வேஷம் போட்டிருந்த நாலைந்து சிறுமிகள் என்னைப் பார்த்து வீரிட்டார்கள். ஜன்னல் கம்பி வழியாக மேடையும் முன்வரிசையும் தெரிந்தன. பேச்சித்தாய் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். மாசானம் அவருக்கு இடப்பக்கம், தலையைக் குனிந்தபடி. நல்ல காது அம்மா பக்கம் இருந்தது.

"சார்! மூணாம் பக்கம் இல்ல!" என்று கத்தினேன். ஒலிபெருக்கியில் பாட்டு. யாருக்கும் கேட்கவில்லை.

தாளாளர் கொடுத்த மிச்சக் கோப்பை விரித்து முதல்வர் வாசிக்கத் தொடங்கினார். விளித்தல் முடிந்தது. ஆண்டின் நிகழ்வுகள் முடிந்தன. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அடுத்து இருந்தது தேர்ச்சிப் பட்டியல். நின்றார்.

தாள்களைப் புரட்டினார். பின்னால் திரும்பித் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் சிரித்த முகமாக, படி என்பதுபோல் தலையாட்டினார். படித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். யார் குற்றம் சொல்ல முடியும்? தாளே இல்லையே! தப்பிக்க அதைவிட நல்ல வழி அவருக்கு வாய்க்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் கோப்பை மூடினார்.

"இந்த அவையின் முன் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்." மூச்சு. "நிறுவனர் நினைவு நாளில்," மூச்சு. "மாணவன் மாசானமுத்துவை நான்..."

தாளாளர் கையைக் காட்ட, மைக் செத்தது. முதல்வர் மைக்கைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். முப்பது வருடம் மைதானத்தை அடக்கிய குரல் அது.

"நான் அறைந்தேன்! சிரித்தவன் அவனில்லை!"

தாளாளர் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருய்யா!" முதல்வர் உதறினார். அடுத்த நொடி, கல்வி அலுவலர், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, தாளாளர் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். மூக்குக் கண்ணாடி பறந்தது. இடது கன்னம். முதல்வர் காதைப் பொத்திக்கொண்டு முட்டிபோட்டு விழுந்தார். அரங்கமே உறைந்துவிட்டது. அவர் அறைந்த நாளில் மைதானம் நின்ற அதே நிற்பு.

முட்டிபோட்டபடியே மிச்சத்தைச் சொன்னார். ஒரு வரியும் விடவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. எனக்கு அவர் வாயசைவுதான் தெரிந்தது. எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பதை வைத்து எந்த வரி என்று கண்டுகொண்டேன்.

பேச்சித்தாய் மேடையேறினார். தாளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சித்தாய் கையை ஓங்கினார். கருவாட்டு மூட்டை தூக்கிய கை. தாளாளர் ரெண்டு எட்டுப் பின்னால் போய்ப் பூங்கொத்துகளின்மேல் விழுந்தார். கல்வி அலுவலர் எழுந்து நின்று, "யாரும் வெளிய போகக்கூடாது," என்றார்.

மாசானமும் அம்மாவுக்குப் பின்னால் மேடையேறியிருந்தான். முட்டிபோட்டிருந்த முதல்வரையே பார்த்தான். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"எம்மா, கடைசியா என்ன சொன்னாரு? எனக்குச் சரியாக் கேக்கல."

பேச்சித்தாய் அவனைத் திருப்பி, வலது காதில் வாயை வைத்தார். சொல்லப் போனவர் நிறுத்திவிட்டு, முதல்வரைப் பார்த்தார்.

"நீரே வந்து இந்தக் காதுல சொல்லும்," என்றார்.

முதல்வர் முட்டியாலேயே நகர்ந்து வந்தார்.