டாக்டர் வீட்டு மாடியில் காய்ச்சல்

அறிவே மனித குலத்தின் அருமருந்து. சிதம்பரத்தில் டாக்டர் தில்லைநாதன் வீட்டு வாசலில் இது பளிங்கில் வெட்டப்பட்டிருந்தது. அவர் டாக்டர் பட்டம் வாங்கியது தமிழ் அணியிலக்கணத்தில்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வந்து, அவர் வீட்டு மாடியில் குடியேறியிருந்த அறிவுமதிக்கு இது தெரியாது. ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பாதி ‘டாக்டர்’ என்றே தொடங்குவதைப் பார்த்து, நோய்க்குப் பயமில்லாத ஊர் என்று நினைத்திருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலியோடு கீழே இறங்கி வந்தாள்.

“அங்கிள், எனக்குக் காய்ச்சல் லா. மருந்து கொடுங்க” என்றாள், மலேசியப் பழக்கத்தில் ‘லா’ சேர்த்து.

“நான் அந்த டாக்டர் இல்லம்மா.”

“அப்ப கிளினிக் எங்க?”

“நான் இருக்கறப்ப கண்ட எடத்துக்கு ஏம்மா போகணும்? முதுநகர்ல டாக்டர் ஞானப்பிரகாசம்னு பெரிய மேதை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில பொன்னாடை போத்துனாங்க. என் பேரச் சொன்னாப் போதும், ஓடியாருவாரு.”

பேருந்தில் அவள் பாலித்தீன் பையில் வாந்தி எடுத்தாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு சொல்லிக்கொண்டு வந்தார்.

முதுநகர்க் கொட்டகையில் சாணமும் டெட்டாலும் சேர்ந்து நாறின. வயிறு உப்பிய ஆடு ஒன்று அவள் செருப்பின் மேல் கழிந்தது.

ஞானப்பிரகாசம் கையுறையைக் கழற்றாமலே வந்தார். “மாடா, ஆடா?”

“நம்ம பொண்ணுதான், டாக்டர். சிதம்பரம் யுனிவர்சிட்டில படிக்குது. காய்ச்சல். நான் தில்லைநாதன். மேடையில…”

“எந்த மேடைங்க? சார், நான் மாட்டு டாக்டரு. என்னாத்துக்கு இங்க இட்டுக்கினு வந்தீங்க?” அவளிடம் திரும்பினார். “எத்தினி நாளா இருக்கு?”

“மூணு நாளு.”

“ரத்தம் எடுத்துப் பாக்கணும்மா. இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லன்னா படிக்கிற எடத்துலயே ஆஸ்பத்திரி இருக்குமே. அடையாள அட்டையக் காட்டு, பாப்பாங்க. ஊசி போட்டாப் போதும்னு எவனாச்சும் சொன்னா ஒத்துக்காத.”

தில்லைநாதன் அவருக்கும் சபை மரபைப் பற்றி ஏதோ எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அறிவுமதி காத்திருக்கவில்லை. தனியாகப் பேருந்து பிடித்து, சிதம்பரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனாள். அட்டையைப் பார்த்து ஓ.பி. சீட்டு கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்று சொல்லி, படுக்கையில் சேர்த்தார்கள்.

“மூணு நாளா என்னாம்மா பண்ணிக்கினு இருந்த?” என்றார் நர்ஸ் ராஜாமணி.

“இங்க ஆஸ்பத்திரி இருக்குன்னு தெரியாது லா. ஹவுஸ் ஓனர் டாக்டர் தில்லைநாதன் மாட்டு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு.”

ராஜாமணி சிரிப்பை அடக்கத் தலையணையைத் தட்டிப் போட்டார்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் தில்லைநாதன் போன மாதம் பேதி கண்டு, வேட்டியை நனைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது அதே ஆஸ்பத்திரியில்தான்.