கடைசிக் கடிதம் முதல் பக்கத்தில்

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் திரையைப் பார்த்ததும் வஹீதுன்னிசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணவர் நசுருல்லா சவூதியிலிருந்து எழுதிய நாற்பத்தொரு கடிதங்களில், கடைசியாக வந்தது ஸ்கேனில் முதல் பக்கமாக நின்றது.

"என்னம்மா அனிதா, தலைகீழா ஏத்திட்டியே!"

"நீங்க கொடுத்த கட்டை அப்படியே மிஷின்ல வெச்சேம்மா. மேல இருக்கிறதைத்தான் அது முதல்ல இழுக்கும்."

வந்த ஒவ்வொரு கடிதத்தையும் முந்தையதன்மேல் வைத்தே சேர்த்தவள் வஹீதுன்னிசாதானே.

"மறுபடி ஸ்கேன் வேண்டாம். எல்லாம் ஒரு பக்கக் கடிதம்தான்." அனிதா கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பக்க வரிசையைத் திருப்பச் சொல்லி, காகிதத்தில் எடுக்காமல் புது பிடிஎஃப்பாகச் சேமித்தாள்.

இப்போது முதல் பக்கத்தில் இருபத்தாறு வயது நசுருல்லா அதிகாரம் பண்ணினார்: 'சைக்கிளைத் தினமும் துடைத்து வை. வந்து ஓட்டுவேன்.' துடைக்காமலே துடைத்ததாகப் பதில் எழுதியது ஞாபகம் வந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கத்தில், 'அடுத்த மாதம் டிக்கெட் போட்டாச்சு.' அந்த டிக்கெட்டில் அவர் வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"இதை என் மக ஆலியாவுக்கு அனுப்பு. பழசை அழிச்சிடாதே, அது எனக்கு வேணும்."

"அது தப்பான வரிசைம்மா."

"இருக்கட்டும். அதுல கடைசியா அவரு சைக்கிள் ஓட்ட வர்றேங்கிறாரு."