அப்பா வர வேண்டிய அடுத்த வண்டி

கல்கத்தாவில் ராஜபாளையத்து பேண்டேஜ் துணி விற்கிற நேசையன், பூமிக்கு அடியில் ஓடும் ரயிலை மட்டும் நம்பவே இல்லை. அவன் மனைவி ஜெயபாய்க்கோ ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பதினோரு வயது மகள் செல்லக்கனி மெட்ரோவில் தனியாகப் பள்ளிக்குப் போனால்தான் அந்த வேலை. இல்லாவிட்டால் அம்மா கூடவே அலைய வேண்டியதுதான்.

இரண்டு வாரம் கூடவே கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். காளிகாட்டில் எஸ்பிளனேட் போகிற வண்டியில் ஏறணும், பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கணும். வெளியே வரும்வரை டிக்கெட் பத்திரம். சட்டம் போட்டதெல்லாம் நேசையன்தான்.

"எறங்க முடியலைன்னா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசல்ல நில்லு. படி ஏறாத. யார் கூப்பிட்டாலும் போகாத. நான் அடுத்த வண்டியில வாரேன்."

சனிக்கிழமை, அவள் தனியாகப் போய்ப் பார்க்கும் பரீட்சை. ஜெயபாய் காளிகாட்டில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றாள். நேசையன் பார்க் ஸ்ட்ரீட்டில் காத்திருந்தான்.

வண்டி வந்தது. கும்பல் இறங்கியது. செல்லக்கனியைக் காணோம். கதவு மூடி வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த வண்டியில் ஏறி அடுத்த ஸ்டேஷனான எஸ்பிளனேட் போக வேண்டியவன், ஐயோ பிள்ளை ஏறவே இல்லையோ என்று பதறி, எதிர்த்திசை வண்டியில் ஏறிக் காளிகாட்டுக்கே ஓடினான். மனுசனுக்குப் புத்தி வேலை செய்தால்தானே!

"ஏட்டி, பிள்ள எங்க?"

"நான்தான் ஏத்திவிட்டேனே! வரலைன்னா எஸ்பிளனேட்டுக்குல்லா போகணும்? இங்க எதுக்கு வந்தீக?"

இருவரும் அடுத்த வண்டியைப் பிடித்தார்கள். வழி நெடுக ஜெயபாய் ஜெபம் சொன்னாள். நடுநடுவே அவனைத் திட்டவும் செய்தாள்.

எஸ்பிளனேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் செல்லக்கனி நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி அவர் எத்தனை முறை கூப்பிட்டும் அசையவில்லையாம். கண் மட்டும் சிவந்திருந்தது.

நேசையன் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பிவிட்டான். "பயந்துட்டியாம்மா?"

"கூட்டத்துல கதவுகிட்ட வர முடியலப்பா. அதான் இங்க வந்து நின்னேன். அடுத்த வண்டி வந்துச்சு, அதுக்கடுத்த வண்டியும் வந்துச்சு. நீங்கதான் வரல."

இனி இவர் பிள்ளையைத் தனியாக விடமாட்டார், வேலை போச்சு என்றே ஜெயபாய் நினைத்தாள்.

திரும்பிப் போகும் வண்டி வந்து நின்றது. நேசையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ தனியா ஏறும்மா. காளிகாட்ல எறங்கி நில்லு. நாங்க அடுத்த வண்டியில வாரோம்."

செல்லக்கனி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினாள். கதவு மூடியது. வண்டி போன இருட்டையே அவன் பார்த்துக்கொண்டிருக்க, ஜெயபாய் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வண்டி வந்ததும் ஏறணும், என்ன? வேற எங்கயும் ஓடிறாதீக."