ஒன்பது சதவீதம்

எங்கள் அட்டைப்பெட்டி நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இயக்குநர் உரை அவர் பெயரில்தான் வரும். ஆறு வருடமாக எழுதியது என் மனைவி. அலுவலக நிர்வாகம் அவள், கணக்கு நான். உரைக்கு எதிர்ப்பக்கத்தில் வரும் நிதிச் சிறப்பம்சங்கள் அட்டவணை என் வேலை.

அவள் இறந்து எட்டு மாதம். இந்த வருடம் இரண்டும் என்னிடம் வந்தன. போன வருடத்துக் கோப்பைத் திறந்து எண்களை மட்டும் மாற்றி அனுப்பினேன். வார்த்தைகளில் கைவைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை தணிக்கையாளர் அம்மா அழைத்தார். இயக்குநர் உரை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு.

"அட்டவணையில விற்பனை நாலு கோடியே அறுபத்திரண்டு லட்சத்துலேருந்து நாலு கோடியே இருபதுக்கு இறங்கியிருக்கு. உரையில ஒன்பது சதவீதம் உயர்ந்ததுன்னு இருக்கு. இது ஏறுற படிக்கட்டா, இறங்குற சறுக்கு மரமா?"

போன வருடம் பன்னிரண்டு சதவீதம் உயர்ந்திருந்தது. பன்னிரண்டை ஒன்பதாக்கியிருந்தேன். "உயர்ந்தது" அவள் எழுதியபடியே நின்றது.

நாலு மணிக்கு இயக்குநர் குழுக் கூட்டம். அங்கே ஒப்புதலானால் அச்சுக்குப் போய்விடும். முப்பத்தொரு பங்குதாரர்களில் பாதிப் பேர் இயக்குநருக்கு மாமன் மச்சான் முறை. பொய் சொன்னார் என்றாகிவிட்டால் எந்தக் கல்யாண வீட்டிலும் அவரால் தலைகாட்ட முடியாது. அவரிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. அந்த வரியையே எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

நஷ்டம் வந்த வருடமும் இதையேதான் கேட்டார். இதே அறையில் அவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். முதல் பத்தியிலேயே நஷ்டத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். ஏன் வந்தது என்று அவரிடம் கேட்டாள். அவர் மழுப்ப மழுப்ப மறுபடி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, நீங்க அட்டவணையைப் பாருங்க" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

"விற்பனை ஏன் சார் குறைஞ்சது?" என்றேன்.

சந்தை சரியில்லை என்றார். மறுபடி கேட்டேன். காகித விலை என்றார். மூன்றாவது முறை கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பெரிய வாடிக்கையாளர் போயிட்டாங்க தம்பி. நாமதான் லேட்டா கொடுத்தோம்."

"அதைப் போடவா?"

"மச்சானுங்க கிழிச்சிடுவானுங்க." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "போடு."

அவள் வரியை அழித்துவிட்டு எழுதினேன்: "விற்பனை ஒன்பது சதவீதம் குறைந்தது. சரக்கை நாங்கள் தாமதமாக அனுப்பியதால் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களை இழந்தோம்." தணிக்கையாளர் அம்மாவுக்கு அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. குழு ஒப்புக்கொண்டது. இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

கடைசிப் பத்தியில் பணியாளர்களுக்கு அவள் எழுதிய நன்றி அப்படியே இருக்கிறது. அதில் திருத்த ஒன்றும் இல்லை.