இரண்டு கொடி, ஒரு கை

ஆவடி யார்டில் இரண்டு வேகன்களுக்கு நடுவே சிக்கி முனியனின் வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது. சட்டப்படி நஷ்டஈடு கொடுத்தாகிவிட்டது. இனி வேகன் கோக்கும் வேலைக்கு ஆகமாட்டான், இலகுவான வேலை தரலாம் என்று ரயில்வே டாக்டர் எழுதினார். அம்பத்தூர் பக்கம் ஒரு லெவல் கிராசிங் கேட்டில் ஆள் தேவைப்பட்டது. அவனை அங்கே போடலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்ல, டிராபிக் இன்ஸ்பெக்டரான என்னை அனுப்பினார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்காரன் ஒரு கையால் பச்சைக் கொடி காட்டவேண்டும். மறு கையில் சுருட்டிய சிவப்புக் கொடி தயாராக இருக்கவேண்டும். டாக்டர் இதையெல்லாம் யோசித்தாரா?

"செவப்ப அக்குள்ல இடுக்கிக்கினு பழகிட்டேன் சாமி" என்றான் முனியன்.

"பச்சையக் காட்டிக்கிட்டு நில்லு. நான்தான் வண்டின்னு வச்சுக்க. விசில் ஊதினா நிறுத்தணும். பாக்கலாம்."

தண்டவாளத்தோரமாக முந்நூறு கெஜம் நடந்தேன். டிரைவர் பார்க்கும் தூரம் அது. சட்டென்று திரும்பி ஊதினேன்.

கொடிகள் இரண்டும் கீழே விழுந்தன. அவன் கைகள் இரண்டும் தலைக்கு மேலே போயின.

நான் திரும்பி வந்தபோது தலைகுனிந்து நின்றான். "செவப்ப எடுக்க மறந்துட்டேன் சாமி. பழைய நெனப்புல கையத் தூக்கிட்டேன்."

"கொடி இல்லேன்னா வண்டிய நிறுத்த ரெண்டு கையையும் தூக்கறதுதான் ரூல்."

"ஒண்ணு மொட்டையாச்சே சாமி."

"அங்கேர்ந்து பாத்தவன் நான். எனக்கு ரெண்டு கை தெரிஞ்சுது."