உண்மை என்று குறித்த படம்

முகப்பேர் பள்ளியின் கணினி அறையில், தானே எழுதிய பாடத்தை ஞானகுமாரி ஒன்பதாம் வகுப்புக்கு முதன்முறையாக நடத்திக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாடம் அடுத்த ஆண்டும் தொடருமா என்று முடிவுசெய்ய, முதல்வர் கிறிஸ்துதாஸ் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் தேடி முடித்ததும் விடைகளைத் திரையில் காட்டினாள். ‘ஐயப்பன்தாங்கல் வெள்ளம்’ என்று வந்த, கார்கள் மூழ்கிய படத்தை ‘உண்மை’ என்று அவள் குறித்து வைத்திருந்தாள். சபீனா எழுந்தாள்.

“படம் நிஜம்தான் மிஸ், ஊர்தான் பொய். படத்தையே போட்டுத் தேடினோம். மூணு வருஷம் முன்னாடி பேப்பர்ல வந்திருக்கு. கேரளா.”

“காரெல்லாம் அங்கேருந்து நீந்திக்கினே வந்துச்சா மிஸ்?” என்றான் பிரசன்னா. வகுப்பு சிரித்தது.

“நீங்க ஏன் மிஸ் தேடல?” என்று கேட்டாள் சபீனா.

ஞானகுமாரி கடைசி பெஞ்சைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். “அனுப்புனவங்க மேல மரியாதை. அதான் தேடிப் பாக்கல. தப்புதான்.”

“நான்தாம்மா அனுப்பினேன்,” என்றார் முதல்வர். அங்கேயே ஃபோனை எடுத்து, ஆசிரியர் குழுவில் ‘படம் பழையது, கேரளாவில் எடுத்தது’ என்று போட்டார். பிறகு ஞானகுமாரியிடம் சொன்னார்:

“ஜூன்லயும் நடத்துங்க டீச்சர். ஒரு நாள் பெத்தவங்களுக்கும் வைங்க. எனக்கு இத அனுப்புன மாமனாரை நானே கூட்டிட்டு வர்றேன்.”